இலவச 100 ஜிபி முடிஞ்சு போச்சு, உள்ள இருக்குற போட்டோவ என்ன பண்றது: நாலு வழிய வச்சுப் பாத்தது

போன் பிளானோட ஓசில வர்ற ஓடிடி நின்னு போனா பெருசா ஒண்ணும் இல்ல, படம் ஓடாது, வேணும்னா காசு கட்டுவோம், இல்லன்னா விட்டுருவோம். கூகுள் ஸ்டோரேஜ் அப்படி கிடையாது. ஆறு மாசம் 100 ஜிபி இலவசம்னு குடுக்குறாங்க, நாமளும் அதுல நம்ம சாமான எல்லாம் கொண்டு போய் வச்சுடுறோம், ஆஃபர் முடிஞ்ச அன்னிக்கு இடம் மறுபடி 15 ஜிபிக்கு சுருங்கிடும், ஆனா சாமான் எல்லாம் அங்கயேதான் இருக்கும். அதனால இதுல முடிவெடுக்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் உக்காந்து யோசிக்கணும். காரைக்குடி பக்கத்துல எங்க தெரு ஐயா ஒருத்தருக்கு இத உக்காந்து பாத்துக் குடுத்தேன், அவரு கணக்கையே வச்சு சொல்றேன், மத்தவங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

ஐயா வீடு பெரிய வீடு, முகப்பு, வளவு, ரெண்டாம் கட்டுன்னு நீளமா போகும், பங்கு நிறைய பேருக்கு இருக்கு. பங்காளிங்க பாதிப்பேரு சிங்கப்பூர், கோலாலம்பூர். போன வருஷம் ஓடு மாத்துற வேலையும் மரவேலையும் நடந்துச்சு, ஒவ்வொரு நாளும் என்ன வேலை ஆச்சுன்னு போன்ல வீடியோ எடுத்து பங்காளிங்களுக்கு அனுப்பிட்டே இருந்தாரு. போன் புதுசு, கேமரா 4கே-ல இருந்துருக்கு, அவருக்கு அது தெரியாது. அதுபோக வீட்டுப் பத்திரம், பங்குக் கணக்கு, மக கல்யாணத்துல எழுதுன இசைகுடிமானம்ங்கிற பத்திரம், பழைய கல்யாண போட்டோ ஆல்பம் எல்லாத்தையும் போன்லயே படம் புடிச்சு வச்சுருக்காரு. போஸ்ட்பெய்ட் கனெக்‌ஷனோட 100 ஜிபி ஆறு மாசம் இலவசம்னு வந்தப்ப ஆன் பண்ணிட்டாரு, எல்லாம் தானா மேல கூகுள்ல ஏறிடுச்சு.

one.google.com/storage போனா எது எவ்ளோ இடம் புடிச்சுருக்குன்னு காட்டும். ஐயா அக்கவுண்ட்ல மொத்தம் 46 ஜிபி. போட்டோவும் வீடியோவும் 33, வாட்ஸ்அப் பேக்கப் 8, ஜிமெயில் மூணரை, டிரைவ் ஒண்ணரை. முடிவெடுக்க மொதல்ல வேணுங்கிறது இந்த நாலு நம்பர்தான், இது தெரியாம எந்த பிளான் நல்லதுன்னு பேசுறதுல அர்த்தமே இல்ல.

ஆஃபர் முடிஞ்சா உண்மையில என்ன ஆகும்

நிறைய பேரு ஒடனே போட்டோ எல்லாம் அழிஞ்சுடும்னு பயந்து போய் கேக்குற காச கட்டிடுறாங்க. அப்படி ஒடனே அழியாது. ஏற்கனவே உள்ள இருக்குறத பாக்கலாம், இறக்கிக்கலாம், அழிக்கலாம். புதுசா ஏத்த முடியாது, அதுதான் மாற்றம். போட்டோ பேக்கப் நின்னுடும், வாட்ஸ்அப் பேக்கப் ஃபெயில் ஆகும், டிரைவ்ல ஃபைல் போட முடியாது. எல்லாத்தையும் விட முக்கியமானது ஜிமெயில்: அனுப்பவும் முடியாது, வரவும் வராது. நமக்கு வர்ற மெயில் அனுப்புனவங்களுக்கே திரும்பிப் போயிடும். ரெண்டு வருஷத்துக்கு மேல இப்படியே அளவு தாண்டிக் கிடந்தாதான் கூகுள் அழிக்கலாம்னு விதி, அதுக்கும் முன்கூட்டியே தகவல் சொல்லுவாங்க.

ஐயாவுக்கு இது தெரிய வந்ததே மெயிலாலதான். கோலாலம்பூர் பங்காளி வீட்டு வரி கணக்க மெயில்ல அனுப்பிருக்காரு, திரும்பி வந்துருச்சுன்னு போன் போட்டு கேட்டுருக்காரு. பேங்க் ஸ்டேட்மெண்ட், இன்சூரன்ஸ் நோட்டீஸ் எல்லாம் இதே மெயிலுக்கு வர்ற வயசானவங்களுக்கு போட்டோவ விட இதுதான் பெரிய ஆபத்து, ஏன்னா மெஷின் அனுப்புற மெயில் திரும்பிப் போனா போன் போட்டு சொல்ல ஆள் கிடையாது. பழசு எதுவும் அழியல, அதனால நிதானமா முடிவெடுக்கலாம். ஆனா மெயில் நிக்குது, அதனால மாசக்கணக்குல போட்டு வைக்கவும் கூடாது.

மொத வழி: போன் கம்பெனியே பில்லுல சேத்துக்கட்டும்னு விடுறது

ஒண்ணும் பண்ணாம இருந்தா நடக்குறது பெரும்பாலும் இதுதான். ஐயாவோட ஆஃபர்ல இலவச காலம் முடிஞ்சப்புறம் மாசம் 125 ரூபா பில்லுல ஏறும்னு கண்டிஷன்லயே இருந்துச்சு. அவரு ஏழாவது மாசம் வர்றதுக்குள்ள யாரோ சொன்னாங்கன்னு அந்த கம்பெனி ஆப்ல போய் நிறுத்திட்டாரு, அதனாலதான் இடம் சுருங்கி மெயில் நின்னுச்சு.

125 ரூபாய்ங்கிறது நேரா கூகுள்ட்ட வாங்குற மாச விலைய விட அஞ்சு ரூபா கம்மி, அத பாத்து லாபம்னு தோணும். வருஷத்துக்கு போட்டா 1500. கூகுள்ட்ட நேரா வருஷ பிளான் 1300. ஆக 200 ரூபா கூட. காசு வித்தியாசம் பெருசில்ல, என் மனசுக்கு ஒட்டாத விஷயம் வேற. ஒண்ணு, போன் நம்பரோட இது கட்டிப் போட்டுருக்கும், நாளைக்கு நீங்க வேற கம்பெனிக்கு போர்ட் பண்ணாலோ போஸ்ட்பெய்ட விட்டு ப்ரீபெய்டுக்கு வந்தாலோ அன்னிக்கு ஸ்டோரேஜும் போயிடும், அப்ப மறுபடி இதே தலைவலி. ரெண்டு, பில்லுல ஒரு வரியா போய் உக்காந்துடும். பில்லு ஆட்டோபேல போறவங்க பில்ல தொறந்தே பாக்க மாட்டாங்க. பேங்க் கார்டுலயோ யூபிஐ ஆட்டோபேலயோ நேரா கட்டுற சந்தான்னா ரிசர்வ் பேங்க் விதிப்படி காசு எடுக்குறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி அந்தச் சந்தாவுக்குன்னு தனியா மெசேஜ் வரணும். போன் பில்லுக்குள்ள போயிட்டா மொத்த பில்லுக்குத்தான் மெசேஜ் வரும், இது தனியா தெரியாது.

நிறுத்துறதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. பிளே ஸ்டோர்ல சந்தா லிஸ்ட்ட தொறந்து பாத்துட்டு இங்க ஒண்ணுமே இல்லையே, அப்ப காசு போகலன்னு நெனச்சுக்குறாங்க. கம்பெனி வழியா வந்தத கம்பெனி ஆப்லயோ கஸ்டமர் கேர்லயோதான் நிறுத்தணும்.

ஆனா ஒரே ஒரு இடத்துல இந்த வழி நல்லது: அவகாசம் வாங்குறதுக்கு. ஆஃபர் முடியிற தேதி நெருங்கிருச்சு, உள்ள 46 ஜிபி கிடக்கு, சுத்தம் பண்ண நேரம் இல்லன்னா ஒரு மாசம் 125 கட்டி மெயில் நிக்காம பாத்துக்கிட்டு, அந்த மாசத்துக்குள்ள மத்த வேலைய முடிச்சுட்டு அப்புறம் நிறுத்துங்க. ஐயா அவசரப்பட்டு நிறுத்தாம இருந்துருந்தா இததான் சொல்லிருப்பேன்.

ரெண்டாவது: கூகுள்ட்ட நேரா வாங்குறது

100 ஜிபி மாசம் 130, வருஷம் 1300. 30 ஜிபில லைட்னு ஒண்ணு மாசம் 59க்கு இருக்கு. யாரு கையையும் எதிர்பாக்க வேணாம், போன் நம்பர் மாறுனாலும் இது மாறாது, நிறுத்தணும்னா பிளே ஸ்டோர்லயே நிறுத்திக்கலாம். தனியா இருக்குறவங்க, இந்தியாவுல குடும்பத்துல வேற யாரும் கூகுள் பிளான் வாங்காதவங்க, இவங்களுக்கு இதுதான் சரி, அதுலயும் வருஷ பிளான்.

வாங்கும்போது ஒண்ண மட்டும் பாருங்க. ஐயா போன்ல ரெண்டு ஜிமெயில் இருந்துச்சு, ஒண்ணு அவரோடது, இன்னொண்ணு கடைக்காரப் பையன் போன் வாங்குனப்ப புதுசா போட்டுக் குடுத்தது. பிளே ஸ்டோர்ல அந்த ரெண்டாவதுதான் முன்னாடி நின்னுச்சு. அப்படியே அமுக்கி வாங்கிருந்தா காலியா கிடக்குற அக்கவுண்டுக்கு 100 ஜிபி போயிருக்கும், போட்டோ இருக்குற அக்கவுண்ட் நிறைஞ்சே கிடந்துருக்கும். மேல வலது பக்கம் இருக்குற வட்டத்த தொட்டு எந்த மெயில் ஐடின்னு பாத்துட்டு வாங்குங்க. கம்பெனி வழியா வந்த பழைய பிளான் இன்னும் ஓடிட்டு இருந்தா மொதல்ல அத நிறுத்திட்டு அப்புறம் இத வாங்குங்க.

மூணாவது: காலி பண்ணி 15க்குள்ள கொண்டு வர்றது

காசே கட்டக் கூடாதுன்னு இருக்குறவங்களுக்கு இது. முடியும், ஆனா இதுலதான் போட்டோவ நிஜமாவே தொலைக்குற ஆபத்து இருக்கு, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

கூகுள் போட்டோஸ் ஆப்ல ரெண்டு விதமா அழிக்கலாம், ரெண்டும் பாக்க ஒண்ணு மாதிரி இருக்கும். Free up space-ன்னு வர்றது போன்ல இருக்குறத மட்டும் அழிக்கும், மேல இருக்குற காப்பி அப்படியே இருக்கும். இதால கூகுள் ஸ்டோரேஜ் ஒரு எம்பி கூட குறையாது. சாதாரணமா போட்டோவ செலக்ட் பண்ணி குப்பைத்தொட்டிய அமுக்குனா போன்லயும் போகும், மேலயும் போகும். மேலதான அழிக்குறோம், போன்ல இருக்கும்லன்னு நம்பி அழிச்சவங்க இருக்காங்க. குப்பைல 60 நாள் இருக்கும், அதுக்குள்ள முழிச்சுக்கிட்டா தப்பிச்சுக்கலாம். அதனால அழிக்கிற வேலைக்கு முன்னாடி காப்பி எடுக்குற வேலை. இத மாத்தி பண்ணவே கூடாது.

காப்பி எடுக்க கம்ப்யூட்டர்ல takeout.google.com. அதுல எல்லாத்துக்கும் டிக் விழுந்துருக்கும், மொத்தமா எடுத்துட்டு Google Photos மட்டும் டிக் பண்ணுங்க. ஜிப் ஃபைல் அளவு 10 ஜிபின்னு வைங்க, ஐயாவுக்கு நாலு ஃபைலா வந்துச்சு. 50னு வச்சா ஒரே பெரிய ஃபைல், நம்ம ஊரு நெட்டு பாதில கட்டாச்சுன்னா மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். ரெடியானதும் மெயில்ல லிங்க் வரும்னு சொல்லுவாங்க, ஆனா மெயில்தான் நின்னு கிடக்கே, அதனால அதே டேக்அவுட் பக்கத்துக்கே மறுபடி போய் பாத்து இறக்கிக்கோங்க. லிங்க் ரொம்ப நாள் இருக்காது, ஒரு வாரத்துக்குள்ள முடிச்சுடணும். இறக்கி ஹார்ட் டிஸ்க்ல போட்டு, ஜிப்ப பிரிச்சு, பழையது கொஞ்சம் புதுசு கொஞ்சம் தொறந்து பாத்து, வீடியோ கடைசி வரைக்கும் ஓடுதான்னு பாத்துட்டு அப்புறம்தான் மேல கை வைக்கணும்.

பிரிச்சா ஒவ்வொரு போட்டோ பக்கத்துலயும் json-னு ஒரு குட்டி ஃபைல் இருக்கும், அத குப்பைன்னு அழிச்சுடாதீங்க. கேமரால எடுத்த போட்டோவுக்கு தேதி படத்துக்குள்ளயே இருக்கும். வாட்ஸ்அப்ல வந்த போட்டோவுக்கு அது இருக்காது, இறக்குன அன்னிக்கு தேதியே காட்டும். அதுக்கு தேதி தெரியணும்னா இந்த json, இல்லன்னா IMG-20230512-WA0003 மாதிரி ஃபைல் பேருல இருக்குற நம்பர், இது ரெண்டுதான் வழி.

இனி குறைக்குறது. ஐயாகிட்ட மொதல்ல கை வச்சது வாட்ஸ்அப். செட்டிங்ஸ்ல பேக்கப்ல வீடியோவ சேக்காதன்னு ஆஃப் பண்ணிட்டு, பேக்கப் ஏற இடம் கிடைச்சதும் மறுபடி எடுத்தா பழசுக்கு பதிலா சின்னது வந்துடும். எட்டு ஜிபில பெரும்பகுதி குட் மார்னிங் வீடியோவும் கோயில் வீடியோவும்தான், ரெண்டுக்கு வந்துருச்சு. வீடியோ போன்லேர்ந்து அழியாது, பேக்கப்ல மட்டும் சேராது. ஜிமெயில்ல தேடுற எடத்துல இத போட்டா பெரிய மெயில் மட்டும் வரும்:

```
has:attachment larger:10M
```

வேண்டாதத அழிச்சு குப்பையையும் காலி பண்ணிடணும், இல்லன்னா 30 நாள் வரைக்கும் அதுவும் கணக்குல நிக்கும்.

பெருசு 4கே வீடியோ. ஏறத்தாழ சொன்னா, 1080பி-ல ஒரு நிமிஷம் 60 எம்பி வர்ற போன்ல 4கே-ல 170 வரும், கிட்டத்தட்ட மூணு மடங்கு. கம்ப்யூட்டர்ல photos.google.com போய் செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ நிர்வகிக்குற எடத்துல, ஏற்கனவே ஏத்துனத எல்லாம் Storage saver-க்கு மாத்துற வழி இருக்கு. வீடியோ 1080பி-க்கு இறங்கும், 16 மெகாபிக்சலுக்கு மேல இருக்குற போட்டோவும் 16க்கு இறங்கும். மாத்துனா திரும்ப பழைய தரம் மேலேர்ந்து கிடைக்காது, அதுக்குத்தான் ஒரிஜினல் ஹார்ட் டிஸ்க்ல இருக்கணும்னு சொன்னது. ஓடு மாத்துன வீடியோவுக்கு 1080பி தாராளம். பத்திரத்த படம் புடிச்சதுக்கு மட்டும் எனக்கு மனசு கேக்கல, எழுத்து கொஞ்சம் மங்குனாலும் கஷ்டம், அத ஒரிஜினலாவே பென் டிரைவ்லயும் தனியா ஒரு காப்பி போட்டுக் குடுத்தேன்.

இவ்வளவும் பண்ணி 46 வந்து நின்னது 25ல. 15க்கு வரணும்னா இன்னும் பத்து ஜிபிய ஒவ்வொண்ணா பாத்து அழிக்கணும். அப்படியே வந்தாலும் வாட்ஸ்அப்பும் புது போட்டோவும் கொஞ்ச மாசத்துல மறுபடி நெரப்பிடும். உங்க மொத்தம் 20க்குள்ள இருக்கு, கூட உக்காந்து பாக்க வீட்டுல ஆள் இருக்குன்னா இந்த வழி சரி. அதுக்கு மேல போனா, வயசானவங்கள இந்த வேலைல மாட்டி விடுறது நியாயம் இல்லன்னுதான் எனக்குப் படுது.

நாலாவது: பிள்ளைங்க பிளான்ல சேந்துக்குறது

ஐயா மகன் சென்னைல இருக்காரு, ஏற்கனவே 100 ஜிபி வருஷ பிளான் கட்டிட்டு இருக்காரு, அவரு புடிச்சுருக்குறது 40தான். கூகுள்ல குடும்ப குரூப்னு போட்டா பிளான் வச்சுருக்குறவரு இன்னும் அஞ்சு பேர சேத்துக்கலாம், கூட காசு இல்ல. சேர்றவங்களுக்கு அவங்க சொந்த 15 ஜிபி மொதல்ல நெறையும், மீறுறதுதான் பொதுவுலேர்ந்து போகும். ஐயாவோட 25ல 15 போக பத்துதான் மகன் பிளான்லேர்ந்து. ஒண்ணுமே சுத்தம் பண்ணாம 46ஆவே இருந்தாலும் 31தான், அதுக்கும் இடம் இருந்துச்சு.

ஐயா வீட்டு ஆச்சிக்குத்தான் ஒரு தயக்கம். "அப்ப நம்ம வீட்டு போட்டோ எல்லாம் மருமக போன்ல தெரியுமா தம்பி"ன்னு கேட்டாங்க. தெரியாது ஆச்சி, பேரு, மெயில் ஐடி, யாரு எவ்ளோ இடம் புடிச்சுருக்காங்கங்குற கணக்கு, இவ்வளவுதான் குரூப்ல தெரியும், போட்டோவோ மெயிலோ நாமளா பகிர்ந்தாத்தான் அடுத்தவங்க பாக்க முடியும்னு சொன்னேன், அவங்க போன்லயே தொறந்தும் காட்டுனேன்.

நம்ம பக்கத்து வீடுகளுக்கு இதுல ஒரு முக்கியமான தடை இருக்கு. குரூப்ல இருக்குற எல்லாரும் ஒரே நாட்டுல இருக்கணும். சிங்கப்பூர்ல இருக்குற மக பெரிய பிளான் வச்சுருக்காங்க, நான் சேத்துக்குறேன்னு அவங்கதான் மொதல்ல சொன்னாங்க, ஆனா அது ஒத்து வராது. பிள்ளைங்க எல்லாருமே வெளிநாட்டுல இருந்தா ரெண்டாவது வழிதான், மக அங்கேர்ந்தே வருஷத்துக்கு 1300 அனுப்பிட்டா போதும். இன்னொண்ணு, ஒரு குரூப்ப விட்டு வேற குரூப்புக்கு மாறுறது 12 மாசத்துக்கு ஒரு தடவைதான் முடியும், அதனால யாரு பிளான் நிலையா ஓடும்னு பாத்து சேருங்க. மகன் நாளைக்கு பிளான நிறுத்திட்டா ஐயா மறுபடி 15க்கு வந்துடுவாரு, அத மகன்கிட்ட நேராவே சொல்லி வச்சோம், நிறுத்துறதா இருந்தா முன்னாடி சொல்லணும்னு.

ஐயாவுக்கு கடைசில இந்த நாலாவதுதான், கூட மூணாவதுல பாதி: வாட்ஸ்அப்பும் 4கே-யும் குறைச்சது, ஹார்ட் டிஸ்க்ல ஒரிஜினல். கேமரா செட்டிங்ஸ 1080பி-க்கு மாத்தி வச்சோம், அத பண்ணாம விட்டா அடுத்த மரவேலை வர்றப்ப மறுபடி நிறைஞ்சுடும்.

பேங்க் கார்டு கூட வவுச்சரா வர்ற ஸ்டோரேஜுக்கும் இதே கணக்குதான், ஒரே வித்தியாசம், வவுச்சர் போடுறப்ப கார்டு நம்பரும் குடுத்துருந்தா முடிஞ்சதும் அந்த கார்டுலேர்ந்தே எடுக்க ஆரம்பிக்கும், அத பிளே ஸ்டோர்ல சந்தா லிஸ்ட்ல பாக்கலாம். ஆபீஸ் குடுத்த மெயில் ஐடில போட்டோ ஏத்தி வச்சுருக்குறவங்க மட்டும் இந்த நாலு வழியும் பாக்காதீங்க. அங்க வேலைய விட்டா இடம் மட்டும் சுருங்குறது இல்ல, அக்கவுண்டே கைய விட்டுப் போயிடும், கடைசி நாளைக்கு முன்னாடியே உங்களோடத எல்லாம் இறக்கி சொந்த ஐடிக்கு மாத்திக்கணும்.

எந்த வழிய எடுத்தாலும் முடிச்ச அன்னிக்கு மூணு விஷயத்த பாத்துடுங்க. வேற ஒரு ஐடிலேர்ந்து உங்களுக்கு ஒரு மெயில் அனுப்பி வருதான்னு பாக்கணும், புதுசா ஒரு போட்டோ எடுத்து அது மேல ஏறுதான்னு பாக்கணும், வாட்ஸ்அப்ல பேக்கப்ப கையாலயே ஒரு தடவ ஓட்டணும். நின்னிருந்த நாட்கள்ல திரும்பிப் போன மெயில் தானா வராது, அதனால பேங்க், இன்சூரன்ஸ் ரெண்டையும் கேட்டு அந்த மாச ஸ்டேட்மெண்ட்ட மறுபடி அனுப்பச் சொல்லுங்க. கம்பெனி வழியா இருந்தத நிறுத்துனவங்க அடுத்த பில்லு வந்ததும் மொத்தத்த மட்டும் பாக்காம வரி வரியா பாருங்க, 125 இன்னும் நின்னா நிறுத்துனதுக்கு வந்த மெசேஜ காட்டி கழிச்சுத் தரச் சொல்லிக் கேளுங்க.